பத்தொன்பது மடல்கள், ஒரு மணி நேரம்: வாரத் தொகுப்பை எந்த வழியில் கட்டுவது?

எனக்கு வருகிற செய்திமடல்கள் பதினொன்று. அவற்றில் இரண்டு, திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் வரும். இரண்டு, வாரம் இரு முறை. ஐந்து, வாரம் ஒரு முறை. மீதி இரண்டு மாதத்துக்கு ஒன்று. மாத மடல்களை ஒதுக்கிவிட்டுக் கூட்டினாலும் வாரத்துக்குப் பத்தொன்பது மடல்கள் ஆகின்றன. ஒவ்வொன்றையும் நானே விரும்பிக் கேட்டு வாங்கியதால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வேலைக்கு நடுவே கைப்பேசி பத்தொன்பது முறை அதிர்கிறது. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடலாம் என்று திறந்தால், மூன்றாவது பத்தியில் இருக்கும்போதுதான் விட்ட வேலை நினைவுக்கு வருகிறது.

வாரம் முழுவதும் வருவதை ஓரிடத்தில் தேக்கி வைத்து, சனிக்கிழமை காலை ஒரே அமர்வில் படித்துவிடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானிக்க ஐந்து நிமிடம் ஆனது. எப்படித் தேக்குவது என்பதில் ஒன்றரை ஆண்டு போனது. மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டேன்: மின்னஞ்சல் பெட்டிக்குள்ளேயே லேபிள் போட்டு ஒதுக்குவது, மடலை ஓடையாக, அதாவது ஒரு தளத்தில் புதிதாக வருவதைத் தானாகப் பட்டியலிடும் ஆர்எஸ்எஸ் முகவரியாக மாற்றி, அதைத் திறக்கும் ஓடை வாசிப்பான் செயலியில் படிப்பது, சொந்தமாக ஒரு சின்ன நிரல் எழுதி வாரம் ஒரு புத்தகமாகக் கட்டுவது. மூன்றும் வேலை செய்கின்றன. மூன்றும் வெவ்வேறு இடத்தில் காலை வாருகின்றன.

முதலில் ஒரு கணக்கு

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கும் முன் எவ்வளவு படிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. நான் எண்ணாமல் தொடங்கினேன். அதன் விளைவு என்னவென்றால், முதல் நான்கு சனிக்கிழமைகளிலும் பாதியில் எழுந்து போனேன்.

என் தினசரி மடல்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 900 சொற்கள். வாரம் பத்து வருவதால் 9,000. வாரம் இரு முறை வருபவை 1,200 சொற்கள் வீதம் நான்கு, ஆக 4,800. வார மடல்கள் சராசரியாக 2,200 சொற்கள் வீதம் ஐந்து, ஆக 11,000. மொத்தம் 24,800 சொற்கள். ஆங்கிலத்தில் கட்டுரை வகை எழுத்தை மனத்துக்குள் படிப்பவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மார்க் பிரிஸ்பர்ட் 2019-இல் கணக்கிட்டார். அந்த வேகத்தில் என் குவியலுக்கு 104 நிமிடம் வேண்டும். (தமிழ் மடல்களுக்கு இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு நம் சொற்கள் நீளமானவை. நிமிடத்துக்குக் குறைவான சொற்களே ஓடும். கையில் கடிகாரத்தோடு ஒரு மடலைப் படித்துப் பார்த்து உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.)

நான் ஒதுக்கியிருந்தது ஒரு மணி நேரம். ஒரு மணி நேரப் பாத்திரத்தில் ஒன்றே முக்கால் மணி நேரத்தை ஊற்றினால் வழியத்தான் செய்யும். எதைக் குறைப்பது? திங்கட்கிழமை வந்த தினசரி மடல் சனிக்கிழமை வரும்போது பழங்கஞ்சி. தினசரி மடல்கள் ஒவ்வொன்றிலும் வெள்ளிக்கிழமை இதழை மட்டும் வைத்துக்கொண்டால் 9,000 சொற்கள் 1,800 ஆகின்றன. மொத்தம் 17,600, நேரம் 74 நிமிடம். வாரம் இரு முறை வருகிறவற்றிலும் பிந்தியதை மட்டும் வைத்தால் இன்னும் 2,400 குறைந்து 15,200 சொற்கள், 64 நிமிடம். நான்கு நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கைச் செய்த பிறகுதான் வழிகளை ஒப்பிடுவதற்கு எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. பத்தொன்பது மடல்களை எந்த வழியும் ஓரிடத்தில் சேர்த்துவிடும். அவற்றில் இரண்டு தினசரிகளின் வெள்ளி இதழ், இரண்டு பிந்திய இதழ், ஐந்து வார மடல் என்ற ஒன்பதையும் எப்போதாவது வரும் மாத மடல் ஒன்றிரண்டையும், பொறுக்கி எடுத்து மற்றவற்றை என் கண்ணில் காட்டாமலே கடத்திவிடுவது எந்த வழி என்பதே கேள்வி.

லேபிள் போட்டு ஒதுக்குவது

மின்னஞ்சல் வைத்திருக்கிற எவரும் பத்து நிமிடத்தில் செய்யக்கூடியது இதுதான். ஜிமெயிலில் ஒரு வடிகட்டி அமைத்து, `Skip the Inbox (Archive it)` என்பதையும் `Apply the label` என்பதையும் தேர்ந்தெடுத்தால், மடல் இன்பாக்ஸுக்குள் வராமல் நேராக லேபிளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சாதாரண அமைப்பில் கைப்பேசியும் அதற்காக அதிராது.

வடிகட்டிக்கு எதை அடையாளமாகக் கொடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நான் முதலில் குறுக்கு வழியில் போனேன். எல்லா மடல்களின் அடியிலும் `unsubscribe` என்ற சொல் இருக்கிறதே, அதையே அடையாளமாக வைத்தால் ஒரே வடிகட்டியில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். செய்திமடல்கள் எல்லாம் அடங்கின. மூன்றாவது வாரம், என் இணையதளப் பெயரின் பதிவு காலாவதியாகப் போகிறது என்று பதிவு நிறுவனம் அனுப்பிய எச்சரிக்கையும் அடங்கிப்போயிருந்தது. அதன் அடியிலும் அந்தச் சொல் இருந்தது. வியாழக்கிழமை தளம் திறக்கவில்லை என்று நண்பர் ஒருவர் அழைத்துச் சொன்னார். காரணம் லேபிளுக்குள் ஒன்பது நாளாகப் படுத்துக் கிடந்தது.

அனுப்புநர் முகவரியை அடையாளமாக வைப்பது அதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். மடல் நடத்துகிறவர் அனுப்பும் சேவையை மாற்றினால் முகவரியும் மாறி வடிகட்டி கோட்டைவிடும். நான் கடைசியில் வந்து நின்ற இடம் பெறுநர் முகவரி. ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு எதைச் சேர்த்தாலும் அது உங்களுக்கே வரும்: `yourname+digest@gmail.com` என்று. மடல்களுக்கு மட்டும் அந்த முகவரியில் சந்தா செய்துவிட்டு, வடிகட்டியின் `To` கட்டத்தில் அதையே கொடுத்தால் போதும். பதிவு நிறுவனத்துக்கு அந்த முகவரி தெரியாது. ஆகவே அதன் எச்சரிக்கை ஒருநாளும் இந்தப் பக்கம் வராது. சில சந்தாப் படிவங்கள் கூட்டல் குறியைப் பிழை என்று தள்ளிவிடுகின்றன. அவற்றுக்கு மட்டும் அனுப்புநர் முகவரி வடிகட்டியே கதி.

பழைய சந்தாக்களை இந்த முகவரிக்கு மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிதாகச் சந்தா செய்தவுடன் பெரும்பாலான சேவைகள் ‘இதைக் கேட்டது நீங்கள்தானா’ என்று ஓர் உறுதிப்படுத்தும் மடல் அனுப்பும். அதுவும் இதே வடிகட்டியில் விழுந்து லேபிளுக்குள் போய்விடும். சனிக்கிழமை வரை காத்திருந்தால் அதிலுள்ள சுட்டி செத்துப்போயிருக்கலாம். சந்தா செய்த கையோடு லேபிளைத் திறந்து உறுதி செய்துவிடுங்கள்.

இந்த வழியின் குறை, படிக்க உட்காரும்போது தெரியும். லேபிளுக்குள் பத்தொன்பதும் இருக்கும். திங்கட்கிழமை தினசரியைக் கண்ணில் காட்டாமல் விட வழியில்லை. பார்த்தால் திறக்கத் தோன்றும். போன வாரம் மிச்சமானவையும் அடியில் தடித்த எழுத்தில் காத்திருக்கும். `newer_than:7d` என்று தேடலில் சேர்த்தால் பழையவை மறையும். மறைந்த இடத்தில் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும். நீளமான மடல்களை ஜிமெயில் 102 கேபி அளவில் வெட்டிவிட்டு, முழுவதையும் காண ஒரு சுட்டியை அடியில் போட்டுவிடுகிறது. அதைத் தட்டினால் வேறு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, லேபிளுக்குப் பக்கத்திலேயே இன்பாக்ஸ். சனிக்கிழமை பத்து மணிக்குப் படிக்க உட்கார்ந்தவன் பத்து ஐந்துக்கு அலுவலக மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தது எத்தனை முறை என்று எனக்கே தெரியாது.

ஓடை

மடலை ஓடையாக மாற்றுவதில் இரண்டு விதம் உண்டு. பல மடல்களுக்கு ஏற்கெனவே ஓடை இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. சப்ஸ்டாக்கில் வரும் மடல் என்றால் அதன் முகவரிக்குப் பின்னால் `/feed` என்று சேர்த்தால் ஓடை; கோஸ்ட் மென்பொருளில் நடப்பது என்றால் பெரும்பாலும் `/rss/`. இப்படி வாசித்தால் மின்னஞ்சலே தேவையில்லை. கட்டணச் சந்தாவில் வரும் பதிவுகள் மட்டும் இந்தப் பொது ஓடையில் முழுதாக வராது.

ஓடை இல்லாத மடல்களுக்கு ‘கில் தி நியூஸ்லெட்டர்’ போன்ற இலவசச் சேவைகள் உள்ளன. அது உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியையும் ஓர் ஓடை முகவரியையும் தரும். முதலாவதில் சந்தா செய்தால் வருவதெல்லாம் இரண்டாவதில் தோன்றும். ஓடை பெரிதாகும்போது பழைய மடல்கள் தானாக நீக்கப்படுகின்றன. அதாவது இது கொட்டிவைக்கும் கிடங்கு இல்லை, கடந்துபோகும் வாய்க்கால். ஓடை முகவரியை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மடல்களுக்கு அடியில் உள்ள சந்தா நீக்கும் சுட்டியும், சிலவற்றில் உள்ள நுழைவுச் சுட்டியும் உங்களுக்கே உரியவை. ஓடையைப் பார்க்கிற எவரும் அவற்றைத் தட்டலாம். ஃபீட்பின், இன்னோரீடர் போன்ற கட்டண வாசிப்பான்கள் தாங்களே ஒரு மின்னஞ்சல் முகவரி தந்து, மடலையும் ஓடையையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடுகின்றன.

படிக்கிற அனுபவத்தில் மூன்றில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். எழுத்துரு ஒன்றாக இருக்கும், வண்ணக் கட்டங்கள் போய்விடும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விரல் நகர்த்தினால் போதும். ஆனாலும் மூன்று மாதத்தில் விட்டுவிட்டேன். வாசிப்பான் கைப்பேசியில் இருந்தது. புதன்கிழமை வரிசையில் நிற்கும்போது திறந்தேன். அதன் மேல் எண்ணிக்கை 14 என்று காட்டியது. வீட்டை மாற்றினேனே தவிர, குடியிருந்த தொல்லை கூடவே வந்துவிட்டது. ஓடைக்கு வாரம் என்று ஒன்று கிடையாது. அது எப்போது திறந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே ஓடை வாசிக்கும் பழக்கம் உள்ளவர்கள், அதுவும் கணினியில் மட்டும் வாசிப்பவர்கள், என்னைப் போல் தடுமாற மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சொந்த நிரல்

இப்போது நான் செய்வது இதைத்தான். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு நிரல் ஓடி, லேபிளில் உள்ள மடல்களை எடுத்து, வேண்டியதை மட்டும் ஒரு ஈபப் கோப்பாகக் கட்டி, மின்நூல் கருவிக்கு அனுப்பிவிடுகிறது. பத்து மணிக்கு என் கையில் இருப்பது ஒரு புத்தகம். அதற்கு முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இருக்கின்றன. பக்கத்தில் இன்பாக்ஸ் இல்லை.

முதல் வழியில் சொன்ன லேபிளும் கூட்டல் குறி முகவரியும் இதற்கும் அடித்தளம். அதனால் லேபிளில் தொடங்கியவர்களுக்கு உழைப்பு எதுவும் வீணாகாது. பைதானில் மையப் பகுதி இவ்வளவுதான்:

```python
import imaplib, email
from email import policy

M = imaplib.IMAP4_SSL("imap.gmail.com")
M.login(USER, APP_PASSWORD)
M.select("Digest")
_, data = M.uid("SEARCH", "ALL")
for uid in data[0].split():
    _, parts = M.uid("FETCH", uid, "(BODY.PEEK[])")
    msg = email.message_from_bytes(parts[0][1], policy=policy.default)
    body = msg.get_body(preferencelist=("html", "plain"))
```

உள்நுழைய வழக்கமான கடவுச்சொல் செல்லாது. கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, `App passwords` பகுதியில் இதற்கென்று தனியாக ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். `BODY.PEEK[]` என்பதில் உள்ள `PEEK` முக்கியம். அது இல்லாமல் எடுத்தால் ஒவ்வொரு மடலும் படித்ததாகக் குறிக்கப்பட்டுவிடும். நிரல் பாதியில் நின்றுபோனால் எது புத்தகத்தில் ஏறியது, எது ஏறவில்லை என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. `policy.default` கொடுக்கவில்லை என்றால் மேலே உள்ள `get_body` பிழையில் நின்றுவிடும்; உள்ளடக்கத்தை வேறு வழியில் எடுத்தாலும் தமிழ்த் தலைப்புகள் `=?utf-8?B?` என்று தொடங்கும் புரியாத எழுத்துச் சரமாகப் பொருளடக்கத்தில் வந்து நிற்கும். முதல் இதழில் எனக்கு அப்படித்தான் வந்தது.

மேலே `ALL` என்று எல்லாவற்றையும் எடுப்பதைக் கண்டு, கடந்த ஏழு நாளுக்கு மட்டும் எடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். நானும் முதலில் `SINCE` கொடுத்துப் போன சனிக்கிழமையின் தேதியைத்தான் போட்டேன். `SINCE` தேதியை மட்டும் பார்க்கும், மணியைப் பார்க்காது. அதனால் போன சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு வந்து, ஆறு மணிப் புத்தகத்தில் ஏறிவிட்ட மடல் இந்த வாரமும் ஏறியது. அதைத் தவிர்க்க ஞாயிறு என்று மாற்றினேன். இப்போது சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் போனது. மணிக்கணக்கை நிரலுக்குள் எழுதிச் சரிசெய்யலாம்தான். அதைவிட எளிது, `Digest` லேபிளில் இருப்பதையெல்லாம் எடுப்பது, புத்தகம் வெற்றிகரமாக அனுப்பப்பட்ட பிறகு அவற்றை `Digest-Done` என்ற வேறு லேபிளுக்கு நகர்த்திவிடுவது. எது முடிந்தது, எது முடியவில்லை என்பதைத் தேதி சொல்ல வேண்டியதில்லை, இருக்கும் இடமே சொல்லிவிடுகிறது. இரண்டு வாரம் கணினி அணைந்து கிடந்தாலும் எதுவும் தொலையாது. நகர்த்துவது கடைசி வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் நகர்த்திவிட்டுப் புத்தகம் கட்டப் போய் அது பிழையில் நின்றால், அந்த வாரம் உங்களுக்கு மடலே இல்லை.

பொறுக்குகிற வேலை இதற்குப் பின்னால் வருகிறது. ஒரு சின்னக் கோப்பில் ஒவ்வோர் அனுப்புநருக்கும் எதிரே ‘எத்தனை’ என்று ஓர் எண் எழுதி வைத்திருக்கிறேன். தினசரிகளுக்கு 1, வாரம் இரு முறை வருபவற்றுக்கு 1, மற்றவற்றுக்கு வந்ததெல்லாம். ஓர் அனுப்புநரிடமிருந்து ஐந்து வந்திருந்தால் நிரல் கடைசியாக வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். மற்ற நான்கும் படிக்கப்படாமலே `Digest-Done`-க்குப் போகும். அழிவதில்லை, தேடினால் கிடைக்கும். இதுவரை இரண்டு முறை தேடியிருக்கிறேன்.

பிறகு சொற்களைக் கூட்டி நேரத்தைக் கணக்கிட்டு முதல் பக்கத்தில் எழுதும். எழுபது நிமிடத்தைத் தாண்டினால், பட்டியலில் நான் கீழே வைத்திருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுத்த வாரத்துக்கு விடும். விடுபட்டது லேபிளிலேயே இருக்கும், நகர்த்தப்படாது. ஒரே மடல் இரண்டாவது முறையும் விடுபட்டால் நிரல் அதைத் தள்ளிவிடும். இந்த விதியை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது உண்மை. ஆனால் இரண்டு சனிக்கிழமை இடம் கிடைக்காத மடலை மூன்றாவது சனிக்கிழமை ஆர்வத்தோடு படிப்பேன் என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள விருப்பமில்லை.

கோப்பாக்குவது `pandoc digest.html -o digest.epub` என்ற ஒரே வரி. செய்திமடல்களின் உள்கட்டமைப்பு முழுக்க அட்டவணைக்குள் அட்டவணையாக இருக்கும். பழைய மின்னஞ்சல் செயலிகளிலும் தோற்றம் கலையாமல் இருக்க அப்படிக் கட்டுகிறார்கள். மின்நூலில் அது ஒரு விரல் அகலப் பத்தியாகச் சுருங்கிப்போகும். `table`, `tr`, `td` ஆகிய குறிகளை நீக்கி உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டால் பெரும்பாலானவை சரியாகிவிடுகின்றன. உண்மையான அட்டவணை உள்ள மடல் ஒன்று எனக்கு வருகிறது. அதற்கு மட்டும் விலக்கு. கிண்டிலுக்கு அனுப்புவது என்றால் அனுப்பும் முகவரியை அங்கே அனுமதிக்கப்பட்டவர் பட்டியலில் முன்னதாகச் சேர்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோப்பு போய்ச் சேராது.

நேரம் குறிப்பதற்கு `0 6 * * 6` என்ற கிரான் வரி போதும். மடிக்கணினியில் ஓட்டினால் ஆறு மணிக்கு அது தூங்கிக்கொண்டிருக்கும், கிரானும் எழுப்பாது. எப்போதும் விழித்திருக்கும் கணினி ஒன்று வேண்டும், அல்லது காலையில் எழுந்து நாமே ஓட்ட வேண்டும். இன்றைக்கும் பாதி வாரங்கள் நானேதான் ஓட்டுகிறேன்.

நாம் படிப்பது அவர்களுக்குத் தெரியாது

இந்த வழியில் நான் எதிர்பார்க்காத ஒரு பள்ளம் இருந்தது. பெரும்பாலான மடல்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம் வைத்திருப்பார்கள். மடலைத் திறந்ததும் அந்தப் படம் அவர்கள் சர்வரிலிருந்து இறங்கும். அதை வைத்து ‘இவர் திறந்தார்’ என்று குறித்துக்கொள்வார்கள். என் நிரல் அந்தப் படங்களை வெட்டி எறிந்தது. கண்காணிப்பை ஒழித்ததில் எனக்குப் பெருமை. அனுப்புகிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், நான் மாதக்கணக்கில் ஒரு மடலைக்கூடத் திறக்காத ஆள்.

திறக்காத ஆட்களை மடல் நடத்துபவர்கள் அவ்வப்போது பட்டியலிலிருந்து நீக்குகிறார்கள். திறக்காத முகவரிகளுக்குத் தொடர்ந்து அனுப்பினால், மற்றவர்களுக்குப் போகும் மடலும் எரிதப் பெட்டியில் விழ வாய்ப்பு கூடும் என்பது அவர்கள் கவலை, அது நியாயமானதும்கூட. நீக்கும் முன் ‘இன்னும் எங்கள் மடல் உங்களுக்கு வேண்டுமா? ஆம் என்றால் இதைத் தட்டுங்கள்’ என்று ஒரு மடல் வரும். எனக்கும் வந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்குள் தட்டச் சொல்லியிருந்தது. நான் அதைச் சனிக்கிழமை, புத்தகத்தின் ஆறாவது அத்தியாயமாக, தேநீரோடு படித்தேன்.

இதற்கு இரண்டு திருத்தம் செய்தேன். நான் இழக்க விரும்பாத மடல்களுக்குப் புள்ளிப் படத்தை வெட்டாமல் விட்டுவிடுகிறேன். `pandoc` ஈபப் கட்டும்போது படங்களை இறக்கிக்கொள்ளும், அந்தப் புள்ளியும் சேர்ந்து இறங்கும். நான் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தவறாமல் திறக்கும் வாசகனாகத் தெரிவேன். கண்காணிப்பு பிடிக்காதவர்கள் மாதம் ஒரு முறை மடலில் உள்ள ஏதாவது ஒரு சுட்டியைத் தட்டினாலும் பெரும்பாலும் போதும். ஓடை வழியில் செல்பவர்களில், மின்னஞ்சலை ஓடையாக்குபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மடலின் சொந்த ஓடையை வாசிப்பவர்களுக்கு இல்லை, ஏனென்றால் நீக்குவதற்கு அவர்கள் பெயர் பட்டியலிலேயே கிடையாது. லேபிளில் படங்களோடு திறந்து படிப்பவர்களுக்கும் கவலையில்லை.

இரண்டாவது திருத்தம், புத்தகத்தின் கடைசிப் பக்கம். ஒவ்வொரு மடலும் வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று நிரலுக்குத் தெரியும். அந்த இடைவெளியைப் போல இரு மடங்கு நாள் ஆகியும் வராதவற்றின் பெயரை அது கடைசிப் பக்கத்தில் எழுதும். வருவது வராமல் போனால் அதைக் கவனிக்க மனிதனுக்குச் சாமர்த்தியம் போதாது. பத்தொன்பதில் ஒன்று குறைந்ததை நான் அந்த முறை ஏழு வாரம் கழித்துத்தான் உணர்ந்தேன்.

யாருக்கு எது

வாரத்துக்கு எட்டு மடல்களுக்குக் கீழே வருகிறவர்கள் லேபிளோடு நின்றுவிடலாம் என்பது என் கருத்து. தேர்ந்தெடுக்க அங்கே அதிகம் இல்லை. நிரல் எழுதும் நேரத்தில் எல்லாவற்றையும் படித்தே முடித்துவிடலாம். மடல்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த ஓடை இருந்து, கைப்பேசியில் வாசிப்பானை வைக்காமல் இருக்கும் கட்டுப்பாடும் இருந்தால் ஓடைதான் சிறந்தது. நீக்கப்படும் தொல்லை இல்லை, படிக்கவும் இதம். கட்டணச் சந்தா மடல்கள் அதிகம் உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது.

தினசரி மடல்கள் கலந்து வாரத்துக்குப் பதினைந்துக்கு மேல் வந்து, கொஞ்சம் பைதானும் தெரிந்திருந்தால் நிரல். எனக்கு இரண்டு வார இறுதிகளைத் தின்றது. அதன் பிறகும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு மடல் வடிவத்தை மாற்றிக்கொண்டு, புத்தகத்தில் கசங்கிப்போய் வந்து நிற்கும். அரை மணி நேர வேலை. அதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் மெனக்கெட வேண்டாம். லேபிளை வைத்துக்கொண்டு, தினசரி மடல்களின் சந்தாவை மட்டும் நீக்கிவிட்டால் முக்கால் பங்கு பயன் கிடைத்துவிடும். அவற்றில் பல, வார இதழ் ஒன்றையும் தனியாக நடத்துகின்றன. சந்தா அமைப்பைத் திறந்து பார்த்தால் தெரியும். என் இரண்டு தினசரிகளில் ஒன்றுக்கு அப்படி ஒன்று இருந்ததை, அதற்கென்று விதி எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

போன சனிக்கிழமைப் புத்தகம் 61 நிமிடம் என்றது முதல் பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர், மாத மடல் ஒன்று. வந்து 66 நாள் ஆகியிருந்தது. அதை எழுதுகிறவர் ஓய்ந்துவிட்டாரா, என்னை நீக்கிவிட்டாரா என்று பார்க்க அவர் தளத்துக்குப் போனேன். புதிய இதழ் இரண்டு நாள் முன்னால் வெளியாகியிருந்தது. சந்தாப் படிவத்தில் என் முகவரியை மறுபடியும் தட்டி, இந்த முறை உடனே லேபிளைத் திறந்து உறுதி செய்தேன்.